முன்பின் தெரியாதவருக்கு ஒரு மின்னஞ்சல்

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இத்தனை வருடமாகப் பெரிய ஏற்றுமதியாளர்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுத்தவர்கள். இப்போது நேரடியாக வெளிநாட்டு பையரைப் பிடிக்க வேண்டும் என்று முதலாளி முடிவு செய்கிறார். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து பென் டிரைவை மேஜையில் வைக்கிறார். எக்ஸெல் கோப்பில் எட்டாயிரம் பெயர்கள். ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா என்று நாடுவாரியாகப் பிரித்து, கொள்முதல் மேலாளரின் பெயர், பதவி, மின்னஞ்சல் முகவரி எல்லாம் வரிசையாக இருக்கின்றன. விலையும் அதிகமில்லை. ஒரே நாளில் எட்டாயிரம் பேருக்கும் அறிமுகக் கடிதம் போய்விடும்.

இப்படி முன் அறிமுகம் இல்லாதவருக்கு வியாபாரம் கேட்டு அனுப்பும் மடலைத்தான் கோல்ட் ஈமெயில் என்கிறார்கள். அனுப்புவது குற்றமா என்று கேட்டால் ஒரே வரியில் பதில் இல்லை. கடிதம் ஒன்றுதான். ஆனால் அது போய் இறங்கும் ஊரைப் பொறுத்து அதன் தன்மை மாறுகிறது. நியூயார்க்கில் சட்டப்படி செல்லும் அதே கடிதம் ஹாம்பர்க்கில் சட்ட மீறல். இந்த வித்தியாசம் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. இந்த ஆளுக்கு விளம்பர மடல் அனுப்பலாமா என்பது முதல் கேள்வி. இந்த ஆளின் பெயரையும் முகவரியையும் நம் கணினியில் வைத்துக்கொள்ளலாமா என்பது இரண்டாவது. ஐரோப்பாவில் இவற்றுக்கு வேறுவேறு சட்டங்கள். அனுப்புவதை 2002இல் வந்த மின்தொடர்பு அந்தரங்க ஆணையும், அதையொட்டி ஒவ்வொரு நாடும் இயற்றிய சட்டங்களும் கட்டுப்படுத்துகின்றன. தகவலை வைத்திருப்பதை 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் ஜி.டி.பி.ஆர். கட்டுப்படுத்துகிறது. “ஜி.டி.பி.ஆர். நியாயமான வியாபாரத் தேவையை ஏற்றுக்கொள்கிறதே, அப்புறம் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது இரண்டாவது கேள்விக்கான பதில். முதல் கேள்வி அப்படியே நிற்கிறது.

இப்போது பட்டியலிலிருந்து மூன்று முகவரிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று ஹாம்பர்க்கில் குழந்தைகள் ஆடை வாங்கும் ஒரு நிறுவனம், இன்னொன்று பிரிட்டனில் லெஸ்டர் நகரத்து வியாபாரி, மூன்றாவது நியூயார்க்கில் ஓர் இறக்குமதியாளர்.

ஹாம்பர்க்தான் கடினம். ஜெர்மனியின் நியாயமற்ற போட்டித் தடைச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, பெறுபவர் முன்கூட்டியே வெளிப்படையாகச் சம்மதிக்காமல் விளம்பர மின்னஞ்சல் அனுப்பக் கூடாது என்கிறது. தனிநபருக்கும் நிறுவனத்துக்கும் ஒரே விதிதான். ஒரே ஒரு மடல்தானே என்று தப்பிக்கவும் வழியில்லை. நிறுவனத்துக்கு வந்த கேட்காத விளம்பர மடல் ஒன்றே ஒன்றாக இருந்தாலும் அது அதன் தொழிலில் சட்டவிரோதமாகக் குறுக்கிடுவதாகும் என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமான கூட்டாட்சி நீதிமன்றம் 2009 மே மாதம் தீர்ப்பளித்தது. முகவரியில் ஆள் பெயர் இல்லாமல் `info@` என்று தொடங்கினால் ஜி.டி.பி.ஆர். பெரும்பாலும் தொடாது. ஆனால் 7ஆவது பிரிவு அதையும் தொடும்.

விளம்பரம் என்பதற்கு அங்கே பொருள் மிக அகலம். விலைப்பட்டியல் அனுப்பினால்தான் விளம்பரம் என்று நினைக்க வேண்டாம். பொருள் வாங்கியவருக்கு இன்வாய்ஸ் அனுப்பும் மடலிலேயே “எங்கள் சேவை எப்படி இருந்தது, மதிப்பிடுங்கள்” என்று சேர்த்துக் கேட்டதும் விளம்பரம்தான் என்று அதே நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது.

விநோதம் என்னவென்றால், அதே ஹாம்பர்க் நிறுவனத்துக்கு அதே வாசகத்தைத் தாளில் அச்சிட்டு, உறையிலிட்டு, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் பொதுவாகத் தடையில்லை. அவர்கள் வேண்டாம் என்று தெரிவிக்காதவரை அனுப்பலாம். நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் பேசுவதற்குக்கூட, அவர்களுக்கு இதில் ஆர்வம் இருக்கும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போதும். மின்னஞ்சலுக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி? காரணம் செலவு. தபாலில் அனுப்புபவர் ஒவ்வொரு உறைக்கும் பணம் கட்டுகிறார். அதனால் ஆள் பார்த்து அனுப்புவார். மின்னஞ்சலில் எட்டாயிரமாவது கடிதத்துக்கும் அனுப்புபவருக்குச் செலவில்லை. அதைத் திறந்து, படித்து, அழிக்கும் நேரம் முழுக்கப் பெறுபவருடையது. இதைக் கட்டுப்படுத்தாவிட்டால் எல்லோரும் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள் என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கவலை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

ஆகவே நம் திருப்பூர்க்காரர் ஹாம்பர்க்கைப் பிடிக்க வேண்டுமானால் துணி சாம்பிளோடு ஓர் அச்சிட்ட கேட்டலாக்கை அனுப்புவதே நல்லது. அதில் ஒரு முகவரியைக் கொடுத்து, விருப்பமிருந்தால் எழுதுங்கள் என்று சொல்லலாம். அவர்கள் எழுதிவிட்டால் பிறகு பதில் எழுதுவதில் சிக்கலில்லை. கண்காட்சியில் ஸ்டாலுக்கு வந்தவர் விசிட்டிங் கார்டு கொடுத்தாரே, அது சம்மதம்தானே என்று கேட்கலாம். சம்மதம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் அனுப்பியவர். கார்டு அதை நிரூபிக்காது. ஸ்டாலில் ஒரு சின்னப் படிவம் வைத்து, “புதிய கலெக்‌ஷன் பற்றி மின்னஞ்சல் அனுப்பச் சம்மதம்” என்ற கட்டத்தை அவரே டிக் செய்து, தேதி போட்டுக் கையெழுத்திட வைத்தால் அது சான்று. இணையதளத்தில் பதிவு செய்பவர் என்றால், அவர் கொடுத்த முகவரிக்கு ஒரு மடல் அனுப்பி, அதில் உள்ள இணைப்பை அவர் அழுத்திய பிறகே பட்டியலில் சேர்ப்பது அங்கே வழக்கம். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் இன்னொருவருடைய முகவரியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

லெஸ்டர் வியாபாரி விஷயத்தில் ஒரு சிறு ஆராய்ச்சி தேவைப்படும். பிரிட்டனின் 2003ஆம் ஆண்டு மின்தொடர்பு விதிகள் பெறுபவர்களை இரண்டாகப் பிரிக்கின்றன. லிமிடெட் கம்பெனி, எல்.எல்.பி. போன்ற அமைப்பு என்றால் முன்சம்மதம் இல்லாமலேயே அனுப்பலாம். அனுப்புபவர் யாரென்று மறைக்கக் கூடாது, விலகிக்கொள்ள ஒரு முகவரி தர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தனி முதலாளியாகக் கடை நடத்துபவரையும் சாதாரணக் கூட்டாளி நிறுவனங்களையும் அந்த விதிகள் தனிநபர்களாகவே பார்க்கின்றன. அவர்களுக்குச் சம்மதம் வேண்டும். எக்ஸெல் கோப்பைப் பார்த்து இவர் எந்த வகை என்று சொல்ல முடியாது. பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் பெயரைத் தேடினால் இலவசமாகத் தெரிந்துவிடும். அங்கே பெயர் இல்லையென்றால் அந்த முகவரியை விட்டுவிடுவதுதான் உத்தமம்.

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு புத்திசாலித்தனமான யோசனை வரும். “சம்மதம்தானே வேண்டும்? ஒரு மடல் அனுப்பிச் சம்மதம் கேட்டுவிடலாமே!” 2016இல் பிரிட்டனின் ஃப்ளைபி விமான நிறுவனம் ஏறக்குறைய இதைத்தான் செய்தது. உங்கள் விவரங்கள் சரியாக உள்ளனவா, விருப்பங்களை மாற்ற வேண்டுமா என்று கேட்டு 33 லட்சம் மடல்களை அனுப்பியது. அவை போனதோ, விளம்பரம் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டவர்களுக்கு. ஹோண்டாவின் ஐரோப்பியப் பிரிவு, சம்மதம் தந்தார்களா இல்லையா என்று தனக்கே தெளிவில்லாத சுமார் 2,90,000 பேருக்கு, எங்களிடமிருந்து செய்தி பெற விருப்பமா என்று கேட்டு அனுப்பியது. சட்டத்துக்கு ஒழுங்காக நடக்கத்தான் அனுப்பினோம் என்பது ஹோண்டாவின் வாதம். தகவல் ஆணையர் அலுவலகம் 2017 மார்ச்சில் ஃப்ளைபிக்கு 70,000 பவுண்டும் ஹோண்டாவுக்கு 13,000 பவுண்டும் அபராதம் விதித்தது. விளம்பரம் அனுப்பச் சம்மதம் கேட்கும் மடலும் விளம்பர மடல்தான். சம்மதத்தை வேறு வழியில் பெற்று வர வேண்டும்.

நியூயார்க்கில் காற்று வேறு பக்கம் வீசுகிறது. 2004 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் கேன்-ஸ்பாம் சட்டம் முன்சம்மதமே கேட்பதில்லை. முதல் மடலை யாருக்கும் அனுப்பலாம். பதிலுக்குச் சில கடமைகளை விதிக்கிறது. அனுப்புபவர் பெயர் பொய்யாக இருக்கக் கூடாது. தலைப்பு வரி ஏமாற்றக் கூடாது. உண்மையான அஞ்சல் முகவரி இருக்க வேண்டும். இது விளம்பரம் என்பது தெரிய வேண்டும். விலகும் வழி இருக்க வேண்டும். விலகச் சொன்னவரை 10 வேலை நாட்களுக்குள் விலக்க வேண்டும். வியாபாரிகளுக்கு அனுப்பும் மடல்களுக்கு இதில் விதிவிலக்கு கிடையாது. மீறினால் அபராதம் ஒவ்வொரு மடலுக்கும் தனித்தனியாகக் கணக்காகும். ஒரு மடலுக்கே 50,000 டாலருக்கு மேல் போகலாம்.

தலைப்பு வரியில் நம்மூர் ஆட்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். திறந்து பார்க்க வைப்பதற்காக, நடக்காத உரையாடலுக்குப் பதில் போல `Re:` என்று தொடங்குவது, இல்லாத ஆர்டரைக் குறிப்பிடுவது. இதை ஒரு சாமர்த்தியமாகச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி வகுப்புகளும் இருக்கின்றன. சட்டத்தை விடுங்கள், பொய்யில் தொடங்கியவரிடம் எந்த பையர் துணி வாங்குவார்?

அமெரிக்கச் சட்டம் இளக்காரமானது என்று நினைத்துவிடவும் வேண்டாம். பாதுகாப்புக் கேமரா விற்கும் வெர்கடா நிறுவனம் மூன்று ஆண்டுகளில் வருங்கால வாடிக்கையாளர்களுக்கு 3 கோடிக்கும் மேற்பட்ட மடல்களை அனுப்பியது. பலவற்றில் விலகும் வழி இல்லை, விலகச் சொன்னவர்களையும் விலக்கவில்லை, அஞ்சல் முகவரியும் இல்லை என்பது அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2024இல் 29.5 லட்சம் டாலர் கட்ட வெர்கடா ஒப்புக்கொண்டது. அனுப்பியதற்காக இல்லை, போதும் என்றவர்களைக் கேட்காமல் விட்டதற்காகத்தான் இந்தத் தொகை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். லெஸ்டர் கம்பெனி லிமிடெட்தான், அனுப்பத் தடையில்லை. ஆனால் முகவரியில் கொள்முதல் மேலாளரின் பெயர் இருக்கிறது. பெயர் இருந்தால் அது ஒரு மனிதரைப் பற்றிய தகவல். ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கும் நிறுவனம், அங்கே இருப்பவர்களுக்குப் பொருளோ சேவையோ விற்க முன்வந்து அவர்களுடைய தகவலைக் கையாண்டால் ஜி.டி.பி.ஆர். அதையும் சேர்த்துக்கொள்கிறது. பிரிட்டனிடமும் அதே போன்ற சட்டம் உண்டு. நேரடி விற்பனை நியாயமான தேவையாகக் கருதப்படலாம் என்று ஜி.டி.பி.ஆரின் முகவுரை சொல்வது உண்மைதான். ஆனால் அதன் 14ஆவது பிரிவு, தகவலை அந்த ஆளிடமிருந்து நேரடியாகப் பெறாதபோது எங்கிருந்து பெற்றீர்கள் என்று அவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. அவருடன் தொடர்புகொள்ளத்தான் அந்தத் தகவல் என்றால், முதல் கடிதத்திலேயே சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் நம் கம்பெனியின் கடிதத்தில் இப்படி ஒரு பத்தி இருக்க வேண்டும்: “குழந்தைகள் பின்னலாடைக் கொள்முதலுக்கு நீங்கள் பொறுப்பு என்று உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்து இந்த முகவரிக்கு எழுதுகிறோம். எங்கள் தயாரிப்புகளைத் தெரிவிக்க மட்டுமே இதை வைத்திருக்கிறோம். இனி எழுத வேண்டாம் என்றால் இந்த மடலுக்கே ஒரு வரி பதில் போதும்.” இதோடு கம்பெனியின் முழு முகவரியும், தகவல்களை எப்படிக் கையாள்கிறோம் என்று விளக்கும் பக்கத்துக்கு ஒரு இணைப்பும். இந்தப் பத்தியை நேர்மையாக எழுத முயன்றாலே விலைக்கு வாங்கிய பட்டியலின் குணம் தெரிந்துவிடும். “ஒருவர் பென் டிரைவில் விற்றார்” என்று எந்த பையருக்கு எழுத முடியும்?

விளம்பரத்துக்கு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் வாதமே கிடையாது என்பதும் ஜி.டி.பி.ஆரில் உண்டு. மற்ற விஷயங்களில் நிறுவனம் தன் நியாயத்தைச் சொல்லிப் பார்க்கலாம். நேரடி விற்பனையில் அந்த வாய்ப்பு இல்லை, உடனே நிறுத்த வேண்டும்.

நம் நாட்டின் நிலை இடைப்பட்டது. வேண்டாத அழைப்புகளுக்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும் டிராயின் 2018ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. மின்னஞ்சல் அவற்றில் இல்லை. தொந்தரவு தரும் மின்னஞ்சலைத் தொட்ட ஒரே பிரிவு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ. கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது இதுவும் சேர்ந்தே போனது. மிச்சம் இருப்பது 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களுக்கான பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகும்படி கால அவகாசம் தரப்பட்டது.

இந்தச் சட்டம் இந்தியாவுக்குள் கையாளப்படும் தகவல் என்றுதான் சொல்கிறது, இந்தியருடைய தகவல் என்று சொல்லவில்லை. எனவே திருப்பூர்க் கணினியில் இருக்கும் ஹாம்பர்க் மேலாளரின் பெயரும் இதற்குள் வரும். ஐரோப்பாவில் உள்ளது போல நியாயமான வியாபாரத் தேவை என்ற பொதுவான வழி இதில் கிடையாது. ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தகவலுக்குச் சட்டம் பொருந்தாது. தன் பக்கத்தில் தானே முகவரியைப் போட்டு வைத்தவருக்கு எழுதுவது வேறு, யாரோ திரட்டி விற்றதை வாங்கி எழுதுவது வேறு.

விலகும் வழியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணம் உள்ளவர்களும் தவறுவது இங்கேதான். மடலின் அடியில் ஒரு இணைப்பு போட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். பல நிறுவனங்களில் வரும் மடலின் இணைப்புகளை எல்லாம் வைரஸ் சோதனை மென்பொருளே முதலில் திறந்து பார்க்கும். இணைப்பைத் திறந்த உடனேயே விலக்கும்படி அமைத்திருந்தால், பையர் மடலைப் பார்ப்பதற்கு முன்பே பட்டியலிலிருந்து காணாமல் போயிருப்பார். இதைத் தவிர்க்கத்தான் மடலின் தலைப்பகுதியில், கண்ணுக்குத் தெரியாமல், இரண்டு வரிகள் சேர்க்கும் முறை வந்தது:

```
List-Unsubscribe: <https://example.com/u/7f3a>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

முதல் வரி விலகும் முகவரி. இரண்டாவது வரி, அந்த முகவரியைச் சும்மா திறந்தால் போதாது, குறிப்பிட்ட கட்டளையை அனுப்பினால்தான் விலகல் என்று சொல்கிறது. இவை இருந்தால் ஜிமெயில் போன்றவை அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் தாங்களே ஒரு விலகல் பொத்தானைக் காட்ட முடியும். பையர் அதை ஒருமுறை தொட்டால் வேலை முடிந்தது. மடல் அனுப்பித் தரும் பெரும்பாலான சேவைகள் இந்த வரிகளைத் தாமே சேர்த்துவிடும். அவுட்லுக்கில் பி.சி.சி. போட்டு அனுப்புபவருக்கு இது இல்லை. அவருக்கு வரும் “என்னை நீக்குங்கள்” என்ற பதில், மூன்று மாதம் முன்பு வேலையை விட்டுப் போன மெர்ச்சண்டைசரின் இன்பாக்ஸில் படிக்கப்படாமல் கிடக்கும். பி.சி.சிக்குப் பதில் சி.சி.யில் போட்டுவிட்டால் கதை இன்னும் மோசம். எல்லா பையர்களின் முகவரியும் எல்லா பையர்களுக்கும் தெரிந்துவிடும். அது தகவல் கசிவு என்ற தனிக் கணக்கில் வரும்.

விலகியவரின் முகவரியை அழித்துவிடுவது சரியா? இயல்பாகத் தோன்றும் பதில் ‘ஆமாம்’. ஆனால் அதுதான் அடுத்த தவறுக்குக் காரணம். அழித்துவிட்டால் அவர் வேண்டாம் என்று சொன்னதும் சேர்ந்து அழிகிறது. ஆறு மாதம் கழித்து வேறொரு கண்காட்சிப் பட்டியலில் அதே முகவரி வரும், மறுபடி மடல் போகும். எனவே முகவரியை மட்டும் ‘அனுப்பாதே’ என்று தனிப் பட்டியலில் வைத்து, ஒவ்வொரு முறை அனுப்புவதற்கு முன்பும் அதோடு ஒப்பிட்டுக் கழிக்க வேண்டும். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் பரிந்துரைப்பதும் இதையே. மற்ற விவரங்களை, அதாவது பதவி, தொலைபேசி எண், நாம் எழுதி வைத்த குறிப்புகள் போன்றவற்றை, நீக்கிவிடலாம்.

ஹாம்பர்க்கிலிருந்து வழக்கறிஞர் திருப்பூருக்கு வரப்போகிறாரா என்று கேட்பது புரிகிறது. பெரும்பாலும் வரமாட்டார். ஆனால் அவர் வருவதற்கு முன்பே தண்டனை வந்துவிடும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புநர்களுக்குக் கடுமையான நிபந்தனைகளை வைத்தன. ஒரு நாளில் 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர் மேலே சொன்ன ஒரே தொடுகை விலகலைத் தந்தாக வேண்டும். விலகச் சொன்னவரை இரண்டு நாளில் விலக்க வேண்டும். பெற்றவர்களில் ‘ஸ்பாம்’ என்று குறிப்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலில் அந்தப் பொத்தானைத் தொட்டாலே எல்லைக்கு வந்துவிட்டோம்.

அதைத் தாண்டினால் கெடுவது அந்த ஒரு மடல் மட்டுமில்லை, கம்பெனியின் டொமைன் பெயரே. அதற்குப் பிறகு ஏற்கெனவே இருக்கும் பையருக்கு அனுப்பும் இன்வாய்ஸும், ஷிப்மெண்ட் விவரமும், ஏஜெண்டுக்கு அனுப்பும் பேக்கிங் லிஸ்ட்டும் ஸ்பாம் பெட்டியில் விழத் தொடங்கும். பையர் “இன்னும் அனுப்பவில்லையா?” என்று கேட்பார், “அனுப்பிவிட்டோமே” என்று நாம் சொல்வோம். இந்த உரையாடல் அடிக்கடி நடந்தால் டொமைன் கெட்டுவிட்டது என்று சந்தேகப்படலாம். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் தளத்தில் டொமைனைப் பதிவு செய்தால், போதுமான அளவு மடல்கள் ஜிமெயிலுக்குப் போகும்போது ஸ்பாம் விகிதத்தைப் பார்க்க முடியும். கெட்ட பெயரைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும்.

எட்டாயிரம் பேரை விட்டுவிட்டு, தன் துணி ரகத்தை உண்மையிலேயே வாங்கக்கூடிய நாற்பது நிறுவனங்களைத் தேடி, நாடு பார்த்து, நிறுவன வகை பார்த்து, ஆளுக்கு ஒரு கடிதம் எழுதுவது மெதுவான வேலைதான். சட்டம் தருகிற சங்கடங்களில் பெரும்பகுதி அப்போது எழுவதே இல்லை. பென் டிரைவோடு வருபவரிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: இந்தப் பட்டியலில் உள்ள முதல் ஆள் எந்தத் தேதியில், எங்கே, யாருடைய மடலைப் பெறச் சம்மதித்தார்? எழுத்தில் பதில் இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள்.